டிஸ்சார்ஜ் நேரத்தில் குழந்தையின் கை டேக்கும் கால் டேக்கும் வேறு வேறு எண் காட்டினால்

பிறந்த குழந்தையின் டேக் பொருந்தவில்லை என்றதும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது குழந்தை மாறிவிட்டதோ என்பதுதான். வார்டில் வேலை பார்க்கிற எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித்தருவதும் அதைத்தான். குழந்தை மாறாமலேயே அதன் ரத்தப் பரிசோதனை முடிவு மட்டும் இன்னொரு குழந்தையின் கேஸ் ஷீட்டில் போய் உட்கார்ந்துவிட முடியும், அதுவும் அந்த இன்னொரு குழந்தை வீட்டுக்குப் போன பிறகுதான் நமக்குத் தெரியவரும் என்பதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொன்னதில்லை. டிஸ்சார்ஜ் வேலையில் அதை நேருக்கு நேர் பார்த்து, ரிப்போர்ட் எழுதி, இரண்டு குடும்பங்களுக்கும் பதில் சொன்ன பிறகு இதை எழுதுகிறேன். இதே வேலையில் இருப்பவர்களுக்கும், குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பப் போகிறவர்களுக்கும் பயன்படும். எந்த மருத்துவமனை என்பது இங்கே வேண்டாம். இது எங்கேயும் நடக்கக்கூடியது.

டேக் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிட்டால் மற்றது எளிதாகப் புரியும். பிரசவம் ஆனதும் லேபர் ரூமிலேயே நான்கு டேக் கொண்ட ஒரு செட்டைப் பிரிப்போம். நான்கிலும் ஒரே எண், ஒரே பார்கோடு. ஒன்று அம்மாவின் கைக்கு, இரண்டு குழந்தைக்கு (ஒரு மணிக்கட்டு, ஒரு கணுக்கால்), நான்காவது அப்பாவுக்கோ கூட இருப்பவருக்கோ. மெல்லிய பிளாஸ்டிக் பட்டை, ஒரு முனையில் வரிசையாகத் துளைகள், மறுமுனையில் ஒரு பட்டன். ஒருமுறை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும், அதன்பின் கத்தரிக்கோல் வைத்தால்தான் திறக்கும். யாராலும் கழற்ற முடியாது என்று நம்பி நாம் நிம்மதியாக இருப்பது அந்தப் பூட்டை வைத்துத்தான். ஆனால் பூட்டு திறக்காமலேயே டேக் கழன்று விழும். பிறந்த குழந்தை முதல் சில நாட்களில் எடை குறையும். பிறந்த எடையில் 5 முதல் 10 சதவீதம் வரை குறைவது சாதாரணம். பிறந்தபோது இருந்த லேசான வீக்கமும் வடிந்துவிடும். முதல் மணி நேரத்தில் சரியாகப் பிடித்த டேக் இரண்டாம் நாள் தளர்ந்து, குழந்தை விரல்களைக் குவித்து ஒரு உதறு உதறினால் வளையல் போல வெளியே வந்துவிடும். வெளியே வந்தது போலவே உள்ளே போகவும் அதனால் முடியும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பூட்டிய டேக் கழன்று வர முடியுமானால், அதே பூட்டிய டேக்கை வேறொரு கையில் மாட்டவும் முடியும்.

நடந்தது இதுதான். இரண்டு பெண் குழந்தைகள், 40 நிமிட இடைவெளியில் பிறந்தவர்கள். ஒரு குழந்தையின் செட் எண் 383 என்று முடியும், மற்றது 386. அந்த எண்களாலேயே அவர்களைக் குறிப்பிடுகிறேன். 383 காலை 11 மணிக்கு டிஸ்சார்ஜ் ஆகிவிட்டது. மதியம் 2 மணிக்கு 386-ஐ அனுப்பவேண்டும். பில் முடிந்துவிட்டது, வண்டி வாசலில் நிற்கிறது, பாட்டி குழந்தையைச் சுற்ற விரிப்போடு தயாராக நிற்கிறார். கேஸ் ஷீட்டைப் புரட்டியபோது காலையில் எடுத்த பிலிரூபின் ரிசல்ட் மட்டும் வரவில்லை. மஞ்சள் காமாலைக்கான ரத்தப் பரிசோதனை அது, அது இல்லாமல் அனுப்பக்கூடாது. லேபுக்குப் போன் செய்தால், "அந்த நம்பர்ல சாம்பிளே வரலையே சிஸ்டர்" என்றார்கள். குழந்தையின் குதிகாலில் குத்திய இடத்தில் ஒட்டிய பஞ்சு இன்னும் இருக்கிறது. எடுத்தது நிச்சயம். சரி, மறுபடி எடுத்துவிடலாம் என்று குழந்தையின் கை டேக்கை ஸ்கேன் செய்தேன். திரையில் திறந்தது வேறு அம்மாவின் பெயர். மேலே 'டிஸ்சார்ஜ் ஆகிவிட்டது' என்ற குறிப்பு. கை டேக்கைக் குனிந்து படித்தேன், 383. காலுறையைக் கழற்றிக் கணுக்காலைப் பார்த்தேன், 386. அம்மாவின் கையில் 386.

அந்த நிமிடம் கை சில்லிட்டுப் போனது உண்மை. பக்கத்தில் இருந்த சக ஊழியர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்: "கால் டேக் அம்மாவோட சரியா இருக்கே சிஸ்டர், கை டேக்கை கட் பண்ணிட்டு அனுப்பிடுங்க. வண்டி நிக்குது." இந்த வாக்கியத்தை எந்த வார்டிலும் யாராவது ஒருவர் சொல்வார். நாம் செய்யக்கூடிய மிகக் கெட்ட காரியம் அதுதான். காலில் உள்ளது சரி, கையில் உள்ளது தவறு என்று முடிவு செய்ய அந்த நேரத்தில் எந்த ஆதாரமும் இல்லை. ஒரே குழந்தையின் உடம்பில் இரண்டு டேக்குகள் இரண்டு கதை சொல்கின்றன. பெரும்பான்மை வாக்கெடுப்பு போட்டு அம்மாவின் டேக்கையும் சேர்த்து இரண்டுக்கு ஒன்று என்று தீர்ப்பு சொல்லக்கூடாது. தவிர, அந்தக் கை டேக்கை வெட்டிவிட்டால் அது எப்படி அங்கே வந்தது என்பதற்கான சாட்சியும் போய்விடும்.

எனவே முதல் வேலை, எதையும் வெட்டாமல், திருத்தாமல், குழந்தையை அது இருக்கும் இடத்திலேயே விடுவது. குழந்தையை 'சரிபார்க்க' என்று நர்ஸிங் ஸ்டேஷனுக்குத் தூக்கிக்கொண்டு போகக்கூடாது. பிறந்ததிலிருந்து குழந்தை அம்மாவின் பக்கத்திலேயே இருந்தது என்ற தொடர்ச்சிதான் நம் கையில் உள்ள மிக வலுவான ஆதாரம், அதை நாமே அறுக்கக் கூடாது. இரண்டாவது, இன்சார்ஜ் சிஸ்டரைக் கட்டிலுக்கே வரச்சொல்வது. அவரும் நானுமாக அம்மாவின் டேக், குழந்தையின் கை டேக், கால் டேக் மூன்றையும் ஒருவர் ஒவ்வொரு இலக்கமாக உரக்கப் படிக்க, மற்றவர் எழுதினோம். 383, 386 இரண்டும் கண்ணுக்கும் காதுக்கும் ஒன்று போல இருப்பவை. 'முந்நூற்று எண்பத்து...' என்று சேர்த்துச் சொல்லாமல் 'மூன்று, எட்டு, ஆறு' என்று பிரித்துச் சொல்லவேண்டும். எழுதிய தாளில் நேரம் 2.10, இருவர் கையெழுத்து. மூன்றாவது, வார்டில் மற்ற எல்லா டிஸ்சார்ஜையும் நிறுத்தி, ஒவ்வொரு கட்டிலாகப் போய் அம்மா, குழந்தை டேக்குகளை ஒப்பிடுவது. இதற்குக் கொஞ்சம் முணுமுணுப்பு வந்தது. ஆனால் ஒரு டேக் தப்பான கையில் இருக்கிறது என்றால் இன்னொரு கை காலியாகவோ வேறு டேக்கோடோ இருந்தாகவேண்டும். அந்தக் கை எங்கே என்று தெரியாமல் யாரையும் வெளியே விட முடியாது. எங்கள் வார்டில் மற்ற எல்லா ஜோடிகளும் சரியாக இருந்தன. அதாவது நாங்கள் தேடும் கை வீட்டுக்குப் போய்விட்டது.

386-இன் அம்மாவிடம் உடனே சொல்லியாக வேண்டும். நாம் ஓடுவதையும் கூடிக்கூடிப் பேசுவதையும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். எது நடந்திருக்கலாம் என்பதை விட்டுவிட்டு, தெரிந்ததை மட்டும் சொல்வது நல்லது. நான் சொன்னது ஏறக்குறைய இது: "அம்மா, உங்க கையில இருக்கிற நம்பரும் குழந்தையோட கால்ல இருக்கிற நம்பரும் ஒண்ணு. கையில மட்டும் வேற நம்பர் இருக்கு. அது எப்படி வந்துச்சுன்னு தெரியுற வரைக்கும் நீங்க கிளம்ப வேண்டாம். குழந்தை உங்க மடியிலயே இருக்கட்டும், என்ன டெஸ்ட் எடுத்தாலும் உங்க கண்ணு முன்னாடியே எடுப்போம்." அவர் கேட்ட முதல் கேள்வி எல்லோரும் கேட்பதுதான்: "அப்போ இது என் குழந்தைதானா?" 'சத்தியமா உங்க குழந்தைதான்' என்று சமாதானம் சொல்ல நாக்கு துடிக்கும், ஆனால் சரிபார்க்காமல் கொடுத்த உறுதிமொழி பிறகு எது சொன்னாலும் நம்பமுடியாதபடி செய்துவிடும். "இதுவரைக்கும் பார்த்ததுல மாறினதா எதுவும் தெரியல. ஆனா பார்க்காம நான் உறுதி சொல்லமாட்டேன். ஒண்ணொண்ணா பார்த்து உங்களுக்குச் சொல்றேன்" என்றேன். அவர் அழுதார். பாட்டி கோபப்பட்டார். இரண்டுமே நியாயம். குழந்தைக்குப் பால் கொடுப்பதை நிறுத்தவேண்டாம் என்று அவராகக் கேட்பதற்குள் நாமே சொல்லிவிடுவது நல்லது. பயத்தில் சில அம்மாக்கள் மார்பிலிருந்து குழந்தையை எடுத்துவிடுவார்கள்.

அடுத்து 383-இன் வீட்டுக்குப் போன். இது டியூட்டி டாக்டர் பேசவேண்டிய போன். நர்ஸ் மட்டும் பேசினால் அடுத்த கேள்விக்கு அவரிடம் மாற்றவேண்டி வரும், அந்த இடைவெளியே அவர்களைக் கலங்கடித்துவிடும். டாக்டர் மூன்று விஷயம் கேட்டார்: குழந்தையின் உடம்பில் இப்போது டேக் இருக்கிறதா, எந்தக் காலில், அதில் உள்ள எண் என்ன. காலில் இருந்தது, எண் 383. கை டேக்? "கை டேக் அங்கேயே இல்லையே டாக்டர், காலையிலேயே இல்ல." அம்மாவின் டேக்கை வீட்டுக்குப் போனதும் வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டார்கள். கால் டேக்கை வெட்டாமல் குழந்தையோடு திரும்பி வரச்சொன்னோம், காரணத்தையும் போனிலேயே சொன்னோம். 'ஒரு சின்ன டெஸ்ட் விட்டுப்போச்சு' என்று மழுப்பி அழைத்திருந்தால், வந்து சேர்ந்ததும் இந்தக் கதையைக் கேட்டபோது எங்களை நம்பியிருக்க மாட்டார்கள்.

காலையில் கை டேக் இல்லாமலேயே 383 எப்படி டிஸ்சார்ஜ் ஆனது என்று கேட்பீர்கள். செக்லிஸ்டில் 'டேக் சரிபார்க்கப்பட்டது: ஆம்' என்று ஒரு கட்டம். அம்மாவின் டேக்கையும் கால் டேக்கையும் ஒப்பிட்டார்கள், பொருந்தியது, டிக் போட்டார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் சரிதான். இல்லாத டேக்கும் பொருந்தாத டேக்தான் என்று அந்தக் கட்டம் கேட்கவில்லை. இரண்டு டேக் போட்டால் டிஸ்சார்ஜில் இரண்டையும் பார்க்கவேண்டும். ஒன்று குறைந்தால், அது இப்போது எங்கே, யார் கையில் என்ற கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகுதான் டிக்.

383 வந்து சேரும் வரை சும்மா இருக்கவில்லை. லேபர் ரூம் பதிவேட்டை எடுத்தோம். பிறந்த நேரம், எடை, பாலினம், செட் எண், உடம்பில் பார்த்த அடையாளங்கள் அதில் இருக்கும். இரண்டும் பெண், எடை வித்தியாசம் 60 கிராம், இரண்டாம் நாள் எடையை வைத்து அதைப் பிரிக்கமுடியாது. கால் ரேகைப் பதிவு பெரும்பாலும் உதவாது. மை அப்பிக்கொண்டு, கோடுகள் தெளியாமல், ஒரு கரும்பாதம் மட்டும்தான் தாளில் இருக்கும். உதவியது தொப்புள்கொடி ரத்தத்தின் குரூப். பிறந்த நிமிடத்தில், குழந்தையும் அம்மாவும் ஒரே மேசையில் இருக்கும்போது எடுத்த மாதிரி அது. 386-இன் அம்மா O, தொப்புள்கொடி ரத்தமும் O. 383-இன் அம்மா AB, தொப்புள்கொடி ரத்தம் A. இப்போது அம்மாவின் மடியில் இருக்கும் குழந்தைக்குப் புதிதாக ரத்தம் எடுத்துப் பார்த்தோம். O வந்தது. மாலையில் திரும்பி வந்த குழந்தைக்கு A.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. A குரூப் குழந்தை O குரூப் அம்மாவுக்கும் பிறக்கலாம், AB குரூப் அம்மாவுக்கும் பிறக்கலாம். எனவே 383-இன் முடிவை மட்டும் வைத்து எதுவும் சொல்லமுடியாது. ஆனால் மிக அரிதான சில ரத்த வகைகளை விட்டுவிட்டால், AB அம்மாவுக்கு O குழந்தை பிறக்காது. ஆக 386-இன் அம்மாவின் மடியில் உள்ள O குழந்தை 383-இன் அம்மாவுடையதாக இருக்கமுடியாது. ரத்த குரூப்பின் வேலை அவ்வளவுதான். இவருடையது அல்ல என்று விலக்கும், இவருடையதுதான் என்று நிரூபிக்காது. இரண்டு அம்மாக்களும் O, இரண்டு குழந்தைகளும் O என்றிருந்தால் இந்த வழி ஒரு அங்குலம்கூட நகர்த்தியிருக்காது. பிறந்த குழந்தைக்கு குரூப் பார்க்கும்போது சிவப்பணுக்களை மட்டும்தான் பார்க்கவேண்டும் என்பதையும் லேபுக்கு நினைவூட்டுங்கள். பெரியவர்களுக்குச் செய்வதுபோல் சீரத்தை வைத்து உறுதிப்படுத்தினால் குழப்பம்தான் வரும், அதில் இருப்பவை அம்மாவிடமிருந்து வந்த எதிர்ப்பொருட்கள்.

முழு நிரூபணம் வேண்டுமென்றால் டிஎன்ஏ. அதைக் குடும்பம் கேட்கும்வரை காத்திருக்காமல் நாமே சொல்லவேண்டும். 386-இன் அப்பா வேண்டும் என்றார், அம்மாவுக்கும் குழந்தைக்கும் கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுத்தார்கள். இதில் பலருக்குத் தெரியாத ஒன்று: பால் குடித்த கையோடு குழந்தையின் வாயில் எடுக்கக்கூடாது. தாய்ப்பாலில் அம்மாவின் செல்கள் இருக்கும், அவை குழந்தையின் மாதிரியில் கலந்துவிடும். பால் கொடுத்துக் குறைந்தது ஒரு மணி நேரமாவது விட்டு, வாயைச் சுத்தமான ஈரத்துணியால் துடைத்தபின் எடுப்பது நல்லது. முடிவு வர நாட்கள் ஆயின, தாயும் சேயும் என்று உறுதியானது. ஆனால் அன்று மாலையே டேக், ரத்த குரூப், அறையை விட்டுக் குழந்தை வெளியே போன நேரங்களின் பதிவு எல்லாம் ஒரே பக்கம் காட்டின. குழந்தைகள் மாறவில்லை.

அதைக் கேட்டதும் வார்டே பெருமூச்சு விட்டது, 'அப்பாடா முடிஞ்சுது' என்று ஆளாளுக்குத் தங்கள் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். நான் தனியாக நின்றது இந்த இடத்தில்தான். முடியவில்லை. 386-இன் பிலிரூபின் சாம்பிள் எங்கே?

383-இன் கணக்கைத் திரையில் திறந்து பார்த்தால் அன்று காலை ஒரே குழந்தைக்கு இரண்டு பிலிரூபின் முடிவுகள். 5.30-க்கு எடுத்தது 11.2 மில்லிகிராம், 6.20-க்கு எடுத்தது 6.8. ஒரு மணி நேரத்துக்குள் அந்த அளவு தானாக இப்படிச் சரியாது. ஏறுவதிலும் ஒரு வேகம் உண்டு. முதல் நாளுக்குப் பிறகு மணிக்கு 0.2-க்கு மேல் ஏறினாலே ரத்தம் சிதைகிறதோ என்று டாக்டர்கள் சந்தேகப்படுவார்கள். 50 நிமிடத்தில் 4.4 வித்தியாசம் என்றால் அது ஒரே குழந்தையின் ரத்தம் அல்ல. நடந்தது இதுதான்: 383-க்குக் கை டேக் இல்லாததால் கால் டேக்கை ஸ்கேன் செய்து எடுத்தார்கள், அது சரியாக அதன் பெயரில் போனது. பிறகு 386-க்குக் கை டேக்கை ஸ்கேன் செய்தார்கள். கையில் இருந்தது 383. 'இந்தக் குழந்தைக்கு ஏற்கெனவே மாதிரி எடுக்கப்பட்டுள்ளது, மீண்டும் எடுக்கவா' என்று திரை கேட்டது. விடியற்காலை, வரிசையாக ரத்தம் எடுக்கும் அவசரம், 'ஆம்' அழுத்தப்பட்டது. ஸ்கேனர் 'பீப்' என்றால் சரி என்று நம் காது பழகிவிட்டது. அந்தச் சத்தத்துக்கு 'இப்படி ஒரு குழந்தை பதிவில் இருக்கிறது' என்பதற்கு மேல் பொருள் இல்லை. கையில் இருக்கும் குழந்தை அதுதானா என்று அதற்குத் தெரியாது.

இதன் விளைவைப் பாருங்கள். ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் 383-இன் திரையில் கடைசியாக வந்த 6.8-ஐப் பார்த்தார், நல்லா இருக்கு, சில நாள் கழித்து வந்தால் போதும் என்று எழுதி அனுப்பிவிட்டார். உண்மையில் அந்தக் குழந்தையின் அளவு 11.2, ஏறிக்கொண்டிருந்தது. மாலையில் மறுபடி எடுத்தபோது 383-க்கு 12.6, 386-க்கு 7.6. போட்டோதெரபி என்ற ஒளி சிகிச்சை வைக்கவேண்டிய கோட்டை 12.6 அந்த வயதில் தொடவில்லை, ஆனால் மறுநாளே திரும்பிப் பார்க்கவேண்டிய அளவு. டேக்கைப் பற்றி விசாரித்து 'குழந்தை மாறவில்லை' என்றதோடு நிறுத்தியிருந்தால் அந்தக் குழந்தை தவறான தாளோடு பல நாள் வீட்டில் இருந்திருக்கும்.

எனவே டேக் பொருந்தாத எந்த நிகழ்விலும் ஒரு காலவரம்பைக் கண்டுபிடித்தாகவேண்டும். இரண்டு டேக்குகளும் சரியாக இருந்ததாகக் கடைசியாக எழுதப்பட்ட நேரம் எது? எங்களுக்கு அது முந்தைய இரவு 8 மணி ஹேண்ட் ஓவர். 8 மணி முதல் மதியம் 2.10 வரை அந்த இரண்டு எண்களின் பெயரில் நடந்த ஒவ்வொன்றையும் ஒரு தாளில் வரிசையாக எழுதினோம்: எடை, மருந்து, தடுப்பூசி, ரத்தம், கறந்து வைத்த பால். இரண்டு குழந்தைகளும் நேரடியாகத்தான் பால் குடித்தன, எனவே பால் மாறவில்லை. மாறியிருந்தால் அது உடல் திரவம் பட்டது போலவே கணக்கு, இரண்டு அம்மாக்களின் தொற்றுப் பரிசோதனைகளையும் பார்த்து டாக்டர் தனியாகப் பேசவேண்டும். ஆனால் வரிசையில் இன்னொன்று சிக்கியது. குதிகாலில் குத்தியபோதே பிறவிக் குறைபாடுகளுக்கான சோதனை அட்டையிலும் ரத்தப்பொட்டு வைத்திருந்தார்கள். காய வைக்கும் தட்டில் 383 என்று இரண்டு அட்டைகள் கிடந்தன. அவற்றைக் குறைந்தது மூன்று மணி நேரம் தட்டையாகக் காயவிட்ட பிறகுதான் அனுப்புவார்கள், அன்றைய பை இன்னும் போகவில்லை, அதனால் தப்பித்தோம். போயிருந்தால், தைராய்டு குறைபாடு 386-க்கு இருந்தாலும் போன் 383-இன் வீட்டுக்குத்தான் வந்திருக்கும்.

அந்த இரண்டாவது அட்டையின் பெயரை அடித்து 386 என்று எழுதிவிடலாமே என்று ஒரு யோசனை வந்தது. கூடாது. எந்த அட்டை யாருடையது என்பது இப்போது ஊகம்தான். ஊகத்தில் மறு லேபிள் ஒட்டுவதும் முதலில் நடந்த தவறும் ஒரே வகை. இரண்டையும் ரத்து செய்து புதிதாக எடுத்தோம். குழந்தைகளுக்கு இன்னொரு முறை குத்து, அதற்கு வருத்தம்தான். இந்த மறு பரிசோதனைகளின் கட்டணம் குடும்பத்தின் பில்லில் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கணினி தானாக ஏற்றிவிடும், யாராவது போய்ச் சொன்னால்தான் நீக்குவார்கள். டிஎன்ஏ செலவும் அப்படியே. 2 மணிக்குக் கிளம்பவேண்டியவர்கள் இரவுதான் கிளம்பினார்கள், அதற்கு மேல் காசும் கேட்டால் எந்த விளக்கமும் எடுபடாது.

டேக் எப்படி மாறியது என்பது மாலையில்தான் தெரிந்தது. 386-இன் தொட்டிலை முழுவதும் பிரித்தபோது மெத்தை விரிப்பின் மடிப்புக்குள் அதன் உண்மையான கை டேக் கிடந்தது. வெட்டு இல்லை, கடைசித் துளையில் பட்டன் பூட்டியபடியே. தவறான 383 டேக்கையும் இரண்டு பேர் முன்னிலையில், புது செட் கட்டிய பிறகுதான் வெட்டினோம். அதுவும் வெட்டுவதற்கு முன் பூட்டியே இருந்தது, ஒட்டுப்பசை இல்லை. ஆக இரண்டும் தாமாகக் கழன்றவை. இரவில் இரண்டு குழந்தைகளையும் ஒரே மேசையில் அடுத்தடுத்து எடை பார்த்திருக்கிறார்கள், மேசையில் ஒரு டேக் கிடந்தது, எதிரே வெறுங்கையோடு ஒரு குழந்தை. எடுத்து மாட்டிவிட்டார்கள். கீழே விழுந்த டேக்கை எந்தக் காரணத்துக்காகவும் திரும்ப மாட்டக்கூடாது. அதை அம்மாவின் பக்கத்தில் கொண்டுபோய், அவர் டேக்கோடு எண்ணை ஒப்பிட்டு, பழையதை ரத்து செய்து, நான்கு டேக் கொண்ட புது செட்டை எல்லோருக்கும் கட்டி, பழைய எண்ணும் புது எண்ணும் கேஸ் ஷீட்டில் எழுதப்படவேண்டும். பத்து நிமிட வேலை. இரவு இரண்டு மணிக்கு அந்தப் பத்து நிமிடம் பெரியதாகத்தான் தெரியும்.

ரிப்போர்ட் எழுதுவது பற்றிச் சில வார்த்தை, ஏனென்றால் பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். பயத்தில் எழுதினால் 'கவனக்குறைவால் டேக் மாறியது' என்று வரும். அது யாருடைய கவனக்குறைவு என்று தேடுவதோடு விசாரணை முடிந்துவிடும். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள்: '2.10 மணிக்குக் குழந்தையின் இடது மணிக்கட்டில் 383, வலது கணுக்காலில் 386, தாயின் வலது கையில் 386. கண்டறிந்த விதம்: பிலிரூபின் முடிவு வராததால் மறு மாதிரி எடுக்க ஸ்கேன் செய்தபோது.' யார் மாட்டினார்கள் என்ற ஊகம் வேண்டாம். வெட்டிய டேக்குகளை உறையில் போட்டு ஒட்டி, மேலே தேதி, நேரம், இரண்டு கையெழுத்து. இரண்டு குழந்தைகளின் கேஸ் ஷீட்டிலும் எந்த முடிவு ரத்து, எதற்குப் பதில் எது என்று டாக்டர் குறிப்பு இருக்கவேண்டும். தவறான முடிவை அழித்துவிட்டால் காலையில் டாக்டர் ஏன் அப்படி முடிவெடுத்தார் என்பது பிறகு யாருக்கும் புரியாது. அது 'தவறாகப் பதிவானது' என்ற குறிப்போடு அங்கேயே இருக்கட்டும்.

அதன் பிறகு எங்கள் வார்டில் மாறியவை சில. செக்லிஸ்டில் ஆம், இல்லை கட்டம் போய், கை டேக், கால் டேக், அம்மா டேக் மூன்றின் கடைசி மூன்று இலக்கங்களையும் கையால் எழுதும் இடம் வந்தது. பார்க்காமல் டிக் போடலாம், பார்க்காமல் எண்ணை எழுதமுடியாது. 24 மணி நேரத்தில் ஒருமுறை டேக்கின் தளர்வைப் பார்க்கிறோம். நம் சுண்டுவிரல் நுனி மட்டும் நுழையும் அளவு சரி, அதற்கு மேல் தளர்ந்தால் புது செட். லேபில், ஒரே பிறந்த குழந்தையின் பெயரில் சில மணி நேரத்துக்குள் இரண்டு சாம்பிள் வந்தால் முடிவை வெளியிடும் முன் வார்டுக்குப் போன் செய்கிறார்கள். இது மூன்றிலும் எனக்கு அதிக நம்பிக்கை கடைசியில்தான், அது களைத்த கண்ணை நம்பி இல்லை.

பெற்றோருக்கு: கிளம்பும் முன் குழந்தையின் காலுறையைக் கழற்றச் சொல்லி இரண்டு டேக்கையும் உங்கள் டேக்கோடு நீங்களே ஒப்பிடுங்கள், ஒன்று இல்லையென்றால் கேளுங்கள். டிஸ்சார்ஜ் தாளில் பிலிரூபின் அளவும் எடுத்த நேரமும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், உங்கள் குழந்தைக்கு எத்தனை முறை குத்தினார்கள் என்பது உங்களுக்குத் தெரியும், தாளில் உள்ள எண்ணிக்கை அதோடு ஒத்துப்போகவேண்டும். கால் டேக் குழந்தைக்கு உறுத்தாதவரை அதையும், உங்கள் கை டேக்கையும், முதல் மறுபரிசோதனைக்கு வரும்வரை வெட்டவேண்டாம். வெட்டியே ஆகவேண்டுமென்றால் வெட்டியதைத் தூக்கிப்போடாமல் டிஸ்சார்ஜ் தாள்களோடு வைத்திருங்கள்.